பொட்டாசியம் 7.1: எதை முதலில் கொடுப்பது, எதைப் பிறகு நிறுத்துவது

எடுத்துக்காட்டாக ஒரு நோயாளியை வைத்துக்கொள்வோம். வயது 64, எடை 60 கிலோ, இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 34 மில்லி என்ற அளவில் சில ஆண்டுகளாக நிற்கிறது. இதயச் செயலிழப்புக்காக ராமிப்ரில் 5 மில்லிகிராமும் ஸ்பைரோனோலாக்டோன் 25 மில்லிகிராமும் எடுத்துவருகிறார்; பீட்டா தடுப்பு மருந்து ஒத்துக்கொள்ளாமல் முன்பே நிறுத்தப்பட்டுவிட்டது. முழங்கால் வலிக்காக மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கி ஐந்து நாள் போட்டிருக்கிறார். கோடை வெயிலில் உடம்புச் சூடு தணிய நாளுக்கு இரண்டு இளநீர் குடித்திருக்கிறார். ஆறாம் நாள் காலை எழுந்தபோது கால்கள் துவண்டு, நடக்க முடியவில்லை. அவசரப் பிரிவில் பார்த்தால் நாக்கு வறண்டிருக்கிறது, நாடி 46, சீரம் பொட்டாசியம் லிட்டருக்கு 7.1 மில்லிமோல், சர்க்கரை 118. இசிஜியில் பி அலையைக் காணவில்லை, கியூஆர்எஸ் 160 மில்லி விநாடிக்கு அகன்றிருக்கிறது, டி அலை கூடாரம்போலக் கூர்ந்து நிற்கிறது.

இவருக்குக் கொடுக்க வார்டு அலமாரியில் கால்சியம் குளுக்கோனேட், இன்சுலினுடன் டெக்ஸ்ட்ரோஸ், சால்பியூட்டமால், சோடியம் பைகார்பனேட், ஃப்யூரோசமைடு, பொட்டாசியத்தைப் பிடிக்கும் பொடி என ஆறு பொருள்கள் இருக்கின்றன; மாடியில் டயாலிசிஸ் இயந்திரமும் இருக்கிறது. பயிற்சி மருத்துவர்கள் பெரும்பாலும் இந்த ஏழையும் ஒரே வரிசையில் மனப்பாடம் செய்திருப்பார்கள். அப்படி ஒரே வரிசையில் வைப்பதில்தான் தவறு தொடங்குகிறது என்பது என் கருத்து. இவை ஒரே வேலைக்குப் போட்டியிடும் மருந்துகள் அல்ல. ஒன்று இதயத்தை மட்டும் காக்கிறது. சில, பொட்டாசியத்தைச் செல்லுக்குள் ஒளித்துவைக்கின்றன. மற்றவை உடம்பைவிட்டே வெளியேற்றுகின்றன. எனவே ஒப்பீட்டை அந்தந்த வேலைக்குள் மட்டுமே செய்ய வேண்டும். அதற்கு முன் கணக்கு எங்கே பிசகியது என்பது தெரிய வேண்டும்.

உடலிலுள்ள பொட்டாசியம் கிலோவுக்கு ஏறத்தாழ 50 மில்லிமோல். 60 கிலோ மனிதரிடம் 3000 மில்லிமோல் இருக்கும். அதில் 98 விழுக்காடு செல்களுக்குள், பெரும்பாலும் தசையில், அடைந்து கிடக்கிறது. செல்லுக்கு வெளியே உள்ள சுமார் 12 லிட்டர் நீரில் லிட்டருக்கு 4 வீதம் மொத்தம் 50 மில்லிமோல்தான் உலவுகிறது. நம் ஒரு நாள் உணவில் வரும் பொட்டாசியமோ 60 முதல் 100 மில்லிமோல். அதாவது வெளியே உலவும் முழு இருப்பைவிட ஒரு நாள் வரவு அதிகம். இளநீரில் பொட்டாசியத்தின் அளவு காய்க்குக் காய் மாறும் என்றாலும் லிட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லிமோல் என்று கொண்டால், இரண்டு இளநீரின் 600 மில்லியில் 30 மில்லிமோல் வந்துவிடுகிறது. அது முழுவதும் அந்த 12 லிட்டரிலேயே தங்குமானால் சீரம் அளவு 2.5 ஏறிவிடும். நலமுள்ளவருக்கு அப்படி ஏறாததற்குக் காரணம், சாப்பிட்டவுடன் சுரக்கும் இன்சுலின் அதைத் தசைக்குள் தள்ளிவைப்பதும், அடுத்த சில மணி நேரத்தில் சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடுவதும்தான்.

வெளியேற்றுவது என்றால் வடிகட்டி விடுவது என்று பொருள் கொள்ளக் கூடாது. நலமான சிறுநீரகம் நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகட்டுகிறது. அதனுடன் 700 மில்லிமோலுக்கு மேல் பொட்டாசியமும் இறங்குகிறது. ஆனால் அதில் 90 விழுக்காடு, சிறுநீரகத்தின் நுண்குழாயான நெஃப்ரானின் முற்பகுதியிலும் ஹென்லே வளையத்திலும் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும்; உடம்பில் பொட்டாசியம் கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் இந்தப் பங்கு பெரிதாக மாறுவதில்லை. எவ்வளவு போக வேண்டும் என்ற தீர்மானம் நெஃப்ரானின் கடைப்பகுதியில், சுருண்ட குழலின் பின்பாதியிலும் அதை ஒட்டிய சேகரிப்புக் குழாயிலும் உள்ள முதன்மைச் செல்களில்தான் நடக்கிறது. சிறுநீரில் நாம் காணும் பொட்டாசியத்தின் பெரும்பகுதி அங்கே புதிதாகச் சுரக்கப்பட்டது.

அந்தச் செல்லைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். இரத்தத்தை நோக்கிய சுவரில் உள்ள பம்பு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. சிறுநீரை நோக்கிய சுவரில் இரண்டு வாயில்கள் உள்ளன. ஈனாக் எனப்படும் சோடியம் வாயில் வழியாகச் சோடியம் செல்லுக்குள் நுழைகிறது. நேர்மின்னேற்றம் இவ்வாறு உள்ளே போவதால் குழாயின் உட்புறம் எதிர்மின் தன்மை பெறுகிறது. அந்த எதிர்மின் இழுப்பில்தான் பொட்டாசியம் ரோம்க் என்ற மற்றொரு வாயில் வழியாகச் சிறுநீருக்குள் இறங்குகிறது. நீரோட்டம் வேகமாக இருக்கும்போது பி.கே. எனப்படும் மூன்றாவது வாயிலும் திறந்துகொள்ளும். ஆகவே பொட்டாசியம் வெளியேற வேண்டுமானால் கடைப்பகுதிக்குச் சோடியம் வந்து சேர வேண்டும், நீர் ஓட வேண்டும், வாயில்களையும் பம்பையும் பெருக்கும் ஆல்டோஸ்டீரோன் இருக்க வேண்டும். சோடியத்தை வரவழைப்பதற்கும் உடம்பு ஒரு வழி வைத்திருக்கிறது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும்போது, சற்று முன்னால் இருக்கும் சுருண்ட குழலின் செல்கள் அதை உணர்ந்து, தயசைடு மருந்து அடைக்கும் அதே சோடியம்-குளோரைடு கடத்தியைத் தாமாகவே அணைத்துவிடுகின்றன. அங்கே உறிஞ்சப்படாத சோடியம் கீழே முதன்மைச் செல்களுக்குப் போய்ச் சேர்கிறது. பொட்டாசியம் தனக்கான தயசைடைத் தானே போட்டுக்கொள்வதுபோல என்று மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம்.

நம் நோயாளியிடம் இவை ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டுள்ளன. ராமிப்ரில் ஆஞ்சியோடென்சினைக் குறைத்து ஆல்டோஸ்டீரோன் சுரப்பை மட்டுப்படுத்தியது. மீந்து சுரந்ததும் செல்லுக்குள் வேலை செய்யாதபடி ஸ்பைரோனோலாக்டோன் அதன் ஏற்பியை அடைத்தது. இவ்விரண்டும் சேர்ந்தும் பல மாதம் இவர் 5.0க்குக் கீழேதான் இருந்தார்; ஏனெனில் சோடியமும் நீரும் ஓரளவு வந்துகொண்டிருந்தன. டைக்ளோஃபினாக் அதையும் நிறுத்தியது. புராஸ்டாகிளாண்டின் குறைந்ததால் சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் சுருங்கி, வடிகட்டல் 34இலிருந்து 20க்கும் கீழே இறங்கி, ஆல்டோஸ்டீரோனைத் தூண்டிவிடும் ரெனின் சுரப்பும் அடங்கிவிட்டது. வெயிலில் உடல்நீர் வற்றியதால், இறங்கிய கொஞ்சச் சோடியமும் முற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டது. இந்த நிலையில் வந்த இளநீர்தான் மேலே தெரிகிறது. வீட்டார் அதன்மேல் முழுப் பழியையும் போடுவார்கள்.

இனி இதயத்துக்கு வருவோம். இதயத் தசைச் செல் ஓய்வில் இருக்கும்போது அதன் மின்னழுத்தத்தை நிர்ணயிப்பது, பெரும்பாலும் உள்ளும் வெளியும் உள்ள பொட்டாசிய விகிதம்தான். வெளியே 4, உள்ளே 140 என்றால் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி அது மைனஸ் 95 மில்லிவோல்ட். வெளியே 7 ஆனால் மைனஸ் 80. அழுத்தம் தூண்டலெல்லைக்கு நெருங்கிவிட்டதால் செல் எளிதில் தூண்டப்பட வேண்டும் அல்லவா என்று தோன்றும்; தொடக்கத்தில் ஓரளவு அப்படித்தான். ஆனால் ஓய்வழுத்தம் உயர்ந்தபடியே நின்றுவிட்டால், அடுத்த துடிப்பைத் தொடங்கிவைக்க வேண்டிய சோடியம் வாயில்கள் மீளத் தயாராக முடியாமல் முடங்கிக் கிடக்கும். தயாராக உள்ள வாயில்கள் குறையக் குறையத் துடிப்பின் எழுச்சி தட்டையாகும், ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு அலை பரவுவது தாமதமாகும். இசிஜியில் கியூஆர்எஸ் அகல்வது இந்தத் தாமதம்தான். மேலறைத் தசை இதற்கு முதலில் பலியாவதால், சைனஸ் முனை துடித்துக்கொண்டிருந்தாலும் பி அலை மறைகிறது. டி அலை கூர்வதற்குக் காரணம் வேறு: வெளியே பொட்டாசியம் கூடும்போது, துடிப்பை முடித்துவைக்கும் பொட்டாசிய வாயில்கள் கூடுதல் வேகத்தில் கடத்துகின்றன, மறுமின்னேற்றம் சட்டென முடிகிறது. அகன்ற கியூஆர்எஸ்ஸும் டி அலையும் ஒன்றோடொன்று கலந்து வளைகோடாகிவிட்டால், அடுத்து வருவது கீழறை நடுக்கம் அல்லது நிறுத்தம். இந்தப் படிகள் பாடநூல் வரிசையில் வரும் என்று நம்பி இருக்கக் கூடாது. 7க்கு மேல் இருந்தும் இசிஜி ஏறக்குறைய இயல்பாக இருந்தவர்கள் உண்டு. சுத்தமான இசிஜி ஆறுதல் தராது, கெட்ட இசிஜி அவகாசம் தராது.

ஆகவே முதல் வேலை இதயத்தைக் காப்பது. அந்த வேலைக்குக் கால்சியத்துக்குப் போட்டியே இல்லை. குளுக்கோனேட்டா குளோரைடா என்பது மட்டுமே இங்கே ஒப்பீடு. 10 விழுக்காடு குளோரைடு 10 மில்லியில் 6.8 மில்லிமோல் கால்சியம் உண்டு. அதே அளவு குளுக்கோனேட்டில் அதன் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் குளோரைடு இரத்தக் குழாயைவிட்டு வெளியே கசிந்தால் தோலும் தசையும் அழுகிப்போகும். கையில் ஒரு சிறு ஊசிக்குழாய் மட்டுமே உள்ள இவருக்குக் குளுக்கோனேட் 30 மில்லியைப் பத்து நிமிடத்தில் செலுத்துவதே நல்லது. இதய நிறுத்தம் நேர்ந்திருந்தால் குளோரைடைத் தேர்ந்தெடுப்பேன். பழைய வழக்கமான ஒற்றை 10 மில்லி ஆம்ப்யூலைப் போட்டுவிட்டு, இசிஜி மாறவில்லையே என்று கைபிசைவதை இன்றும் பார்க்கிறோம். அங்கே குறைபாடு மருந்தில் இல்லை, அளவில் இருக்கிறது. கால்சியம் செல் சுவரை நிலைப்படுத்துகிறது என்றுதான் நாம் அனைவரும் படித்தோம். நாயின் இதயத் தசையில் அண்மையில் நடந்த ஆய்வுகளோ, ஓய்வழுத்தம் மாறாமலேயே, கால்சியம் வாயில்களின் வழியாக அலை பரவும் வேகம் மீள்வதாகக் காட்டுகின்றன. விளக்கம் எதுவானாலும் பலன் சில நிமிடங்களில் தெரியும். அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் மறையும். இதற்கிடையில் பொட்டாசியம் ஒரு புள்ளிகூடக் குறைந்திருக்காது.

இரண்டாம் வேலை, செல்லுக்குள் தள்ளுவது. இங்கேதான் உண்மையான ஒப்பீடு இருக்கிறது. இன்சுலின் 10 யூனிட் தசையின் பம்பை முடுக்கி, 15 முதல் 30 நிமிடத்தில் தொடங்கி ஒரு மணி நேரத்தில் 0.6 முதல் 1 வரை இறக்குகிறது. விளைவு நாலைந்து மணி நேரம் நிற்கும். விலை, சர்க்கரைத் தாழ்வு. சிறுநீரகம் பழுதானவரிடம் இன்சுலின் நீண்ட நேரம் தங்கிவிடுகிறது. உடன் கொடுத்த 25 கிராம் குளுக்கோசோ ஒரு மணியில் தீர்ந்துபோகிறது. தொடக்கத்தில் சர்க்கரை 126க்குக் கீழே இருப்பவர்கள் இந்த ஆபத்துக்கு மிக நெருக்கத்தில் இருக்கிறார்கள். நம் நோயாளிக்கு 118. சர்க்கரை நோயாளிக்கு எதற்கு இவ்வளவு டெக்ஸ்ட்ரோஸ் என்று குறைத்துவிடுவதுதான் வார்டில் நிகழும் பிழை. 25 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி கொடுத்தபின், 10 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸை மணிக்கு 50 மில்லி வீதம் ஐந்து மணி நேரம் ஓடவிட்டு, ஆறு மணி நேரத்துக்காவது அடிக்கடி சர்க்கரை பார்க்க வேண்டும்.

சால்பியூட்டமால் அதே அளவு இறக்கக்கூடியது. ஊசி தேவையில்லை, சர்க்கரை தாழாது. ஆனால் இதற்கு 10 முதல் 20 மில்லிகிராம் நெபுலைசரில் கொடுக்க வேண்டும். ஆஸ்துமாவுக்குப் போடும் 2.5 மில்லிகிராம் ஒன்றைப் போட்டுவிட்டுக் கொடுத்தாயிற்று என்று எழுதுவதில் பொருள் இல்லை. டயாலிசிஸ் நோயாளிகளில் கணிசமானோருக்கு இது பலிப்பதே இல்லை. யாருக்குப் பலிக்காது என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. ஆகவே தனியாக இதை நம்ப முடியாது. இன்சுலினுடன் சேர்த்தால் இரண்டின் விளைவும் கூடும். இதயச் செயலிழப்பு உள்ள இவருக்கு நாடி விரைவதைக் கருதி 10 மில்லிகிராமோடு, அதாவது நான்கு குப்பியோடு, நிறுத்துவேன். சோடியம் பைகார்பனேட்டுக்கு இந்த வரிசையில் இடமில்லை. டயாலிசிஸ் நோயாளிகளிடம் அதைத் தனியாக ஒரு மணி நேரம் செலுத்திப் பார்த்த ஆய்வுகளில் பொட்டாசியம் அசையவில்லை. கடுமையான அமிலத்தன்மை உடன் இருந்தால் மட்டும் அதற்குத் தனிக் காரணம் உண்டு.

மூன்றாம் வேலையான வெளியேற்றத்துக்குச் சிறுநீர், குடல், டயாலிசிஸ் என்று வழிகள் மூன்று. தேர்வு, கடைநெஃப்ரானில் எவ்வளவு உயிர் மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிறுநீரே இல்லாதவருக்கு ஃப்யூரோசமைடு வீண். இவருக்குச் சிறுநீர் குறைந்திருக்கிறதே தவிர நிற்கவில்லை. நாக்கு வறண்டிருக்கிறது, காலில் வீக்கமில்லை, நெஞ்சில் நீரில்லை. எனவே முதலில் நீர் கொடுக்க வேண்டும், பிறகே ஃப்யூரோசமைடு; வறண்ட குழாய்க்குள் ஃப்யூரோசமைடு மட்டும் போவது சிறுநீரகத்தை மேலும் சுருக்கும். எந்த நீர் என்பதில் ஒரு பழக்கப் பிழை உண்டு. ரிங்கர் லாக்டேட்டில் லிட்டருக்கு 4 மில்லிமோல் பொட்டாசியம் இருப்பதால் அதைத் தொடவே கூடாது என்பார்கள். ஆனால் நோயாளியின் 7ஐவிட 4 குறைவு. அது கலந்தால் அளவு ஏறாது. மாறாக, சாதாரண சலைனின் குளோரைடு அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. சிறுநீரக மாற்று அறுவையில் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வில் சலைன் பெற்றவர்களிடம்தான் உயர் பொட்டாசியம் அதிகம் காணப்பட்டது. இந்த நோயாளிக்கு ரிங்கர் லாக்டேட்டையே 500 மில்லி மெதுவாகக் கொடுப்பேன்.

குடல் வழிக்கான பொடிகள் இந்த மணி நேரத்துக்கு உரியவை அல்ல. பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட் மெதுவானது, எவ்வளவு பிடிக்கும் என்பதும் நிச்சயமில்லை, அரிதாகக் குடலைப் புண்ணாக்கி அழுகவும் வைக்கிறது. 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பட்டிரோமர் ஏழு மணி நேரத்துக்குப் பிறகுதான் அசைக்கிறது. 2018இல் வந்த சோடியம் சிர்க்கோனியம் சைக்ளோசிலிகேட் ஒரு மணியில் தொடங்கினாலும் அதன் சோடியச் சுமை இதயச் செயலிழப்பில் வீக்கம் தரக்கூடும். டயாலிசிஸ்தான் உறுதியான வழி: நான்கு மணி நேரத்தில் 70 முதல் 100 மில்லிமோல்வரை எடுக்கும். ஆனால் கழுத்தில் குழாய் செருகி இயந்திரம் ஓடத் தொடங்க எப்படியும் ஒன்றிரண்டு மணி நேரமாகும். முதல் இரண்டு வேலைகளும் வாங்கித் தரும் நேரம் இதற்குத்தான்.

நடந்தது இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்சியம் ஏறி முடிந்த பத்தாம் நிமிடம் கியூஆர்எஸ் 110க்குக் குறைந்து பி அலை திரும்பியது. இன்சுலினும் சால்பியூட்டமாலும் போன ஒரு மணி நேரத்தில் பொட்டாசியம் 5.9. இங்கே பலரும் மூச்சுவிட்டு நோயாளியைச் சாதாரண வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். நான்காம் மணியில் அது 6.3. இது மருந்தின் தோல்வி அன்று. ஒளித்துவைத்தது திரும்பி வருகிறது, அவ்வளவுதான். 500 மில்லி நீருக்குப் பிறகு கொடுத்த ஃப்யூரோசமைடு 80 மில்லிகிராமுக்கு ஆறு மணி நேரத்தில் 900 மில்லி சிறுநீர் வந்திருக்கிறது. அதில் பொட்டாசியம் லிட்டருக்கு 35 என்றால் 30 மில்லிமோலுக்கு மேல் உண்மையாகவே வெளியேறிவிட்டது. இரண்டு இளநீரின் கணக்கு தீர்ந்தது. டயாலிசிஸைத் தள்ளிவைக்கலாம் என்ற முடிவுக்கு ஆதாரம் 5.9 என்ற எண் அன்று, இந்த 900 மில்லிதான். ஆறு மணி நேரத்தில் 100 மில்லி மட்டும் வந்திருந்தால், 5.9 இருந்தபோதே குழாய் செருகச் சொல்லியிருப்பேன். மறுநாள் காலை 5.4, மூன்றாம் நாள் 4.8, வடிகட்டும் திறன் 33.

இனி உள்ள கேள்வி, எந்த மாத்திரையை நிறுத்துவது என்பது. மூன்றையும் நிறுத்திவிடுவது மருத்துவருக்கு நிம்மதி, நோயாளிக்கு நட்டம். 1999இல் வெளியான ரேல்ஸ் ஆய்வு இதயச் செயலிழப்பில் ஸ்பைரோனோலாக்டோன் உயிர் காப்பதைக் காட்டியது. அதன் மறுபக்கமும் பதிவாகியிருக்கிறது: கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், ராமிப்ரில் போன்ற ஏசிஇ தடுப்பு மருந்து எடுக்கும் இதயச் செயலிழப்பு முதியோரில் உயர் பொட்டாசியத்துக்காக மருத்துவமனை சேர்ந்தவர்கள் 1994இல் ஆயிரத்துக்கு 2.4 என்றிருந்தது, 2001இல் 11 ஆனது. ஸ்பைரோனோலாக்டோன் மாறவில்லை, ஆய்வில் சேர்க்கப்படாத, சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் கண்காணிப்பில்லாமல் அது போய்ச் சேர்ந்தது. மறுபுறம், 2022இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், முற்றிய சிறுநீரக நோயில் ராமிப்ரில் வகை மருந்துகளை நிறுத்தியவர்களுக்குச் சிறுநீரகம் ஒன்றும் மேம்படவில்லை.

ஆகவே இவருக்கு நிரந்தரமாகப் போக வேண்டியது டைக்ளோஃபினாக் ஒன்றுதான். மூட்டுவலிக்குப் பாராசிட்டமால் போதாதபோது தேய்க்கும் களிம்பு, பிசியோதெரபி என்று போகலாம். ராமிப்ரில் 2.5 மில்லிகிராமில் முதலில் திரும்பட்டும். ஸ்பைரோனோலாக்டோனைச் சேர்ப்பதற்கு முன் கடைநெஃப்ரானுக்குச் சோடியமும் நீரும் வருவதை உறுதிசெய்ய ஒரு துணை வேண்டும். அதற்குத் தயசைடு வகையா, எஸ்ஜிஎல்டி2 தடுப்பு மருந்தா, பிடிக்கும் பொடியா என்ற தேர்வில் நான் இரண்டாவதை எடுப்பேன். எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தனியாகவே பயன் தருகின்றன, கடுமையான உயர் பொட்டாசியத்தையும் சற்றுக் குறைக்கின்றன. தயசைடு வகையான குளோர்தாலிடோன் இந்த வடிகட்டல் அளவிலும் வேலை செய்யும் என்றாலும், வெயிலில் வற்றி வந்த இவருக்கு அதை உடனே கொடுக்க மனம் வராது. பிடிக்கும் பொடியை, இவற்றுக்குப் பிறகும் 5.5ஐத் தாண்டினால் எடுக்கலாம், விலையும் குறைவில்லை. உப்பைக் குறைக்கிறேன் என்று கடையில் விற்கும் குறைசோடிய உப்பை வாங்கிவிடக் கூடாது என்பதை வீட்டாரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் சோடியத்துக்குப் பதில் சேர்க்கப்படுவது பொட்டாசியம் குளோரைடு. காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ டிரைமெத்தோபிரிம் கலந்த மாத்திரை எழுதப்பட்டால் இவர் மறுக்க வேண்டும், ஏனெனில் அந்த மருந்தும் ஈனாக் வாயிலையே அடைக்கிறது.

இரண்டு வாரம் கழித்துப் பொட்டாசியம் 5.0க்குக் கீழும் வடிகட்டல் 30க்கு மேலும் நின்றால் ஸ்பைரோனோலாக்டோன் 12.5 மில்லிகிராம் தொடங்கலாம். ஒரு வாரத்திலும் நான்காம் வாரத்திலும் இரத்தம் பார்க்க வேண்டும். 5.5 தாண்டினால் பாதியாக்க வேண்டும், 6.0 என்றால் நிறுத்த வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் என்று ஒரு நாள் வந்தால், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன், எம்பாகிளிஃப்ளோசின் மூன்றையும் அன்று எடுக்காமல் தொலைபேசியில் கேட்க வேண்டும் என்று மருந்துச் சீட்டிலேயே தமிழில் எழுதிக்கொடுத்து, அதை மகளிடம் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டபின்தான் இவரை வீட்டுக்கு அனுப்புவேன்.